பெல் முக்கோணி: நடுவில் நிற்கிற 20, 27, 37 எதை எண்ணுது?

தாரணி மிஸ் (கல்லடி)

வணக்கம். பின்னேர வகுப்பில் தரம் 11 பிள்ளைகளுக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். ஐந்து பேரைக் குழுக்களாகப் பிரிக்க வேணும். எத்தனை குழு என்று கட்டாயமில்லை. ஒருவர் தனியாக நிற்கலாம், ஐந்து பேரும் ஒரே குழுவாகவும் இருக்கலாம். குழுக்களுக்குப் பெயர் கிடையாது, குழுவுக்குள் வரிசையும் கிடையாது. ஒருவரும் விடுபடக் கூடாது. எத்தனை விதமாகப் பிரிக்கலாம்?

விடை 52. பட்டியல் போட்டுப் பார்த்த பிறகு, இதைச் சுருக்கமாக எடுக்க பெல் முக்கோணியைக் காட்டினேன்.

```
 1
 1   2
 2   3   5
 5   7  10  15
15  20  27  37  52
```

கட்டுகிற விதம் லேசு. முதல் நிரையில் 1. அடுத்த நிரையைத் தொடங்க, மேல் நிரையின் கடைசி எண்ணை அப்படியே கீழே கொண்டுவந்து எழுத வேணும். பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும், அதன் இடப்பக்கத்து எண்ணையும், அந்த இடப்பக்கத்து எண்ணுக்கு நேர் மேலே இருக்கிற எண்ணையும் கூட்ட வேணும். 15ஐ எழுதி, அதோடு மேலே உள்ள 5ஐக் கூட்டினால் 20. 20உம் மேலே உள்ள 7உம் 27. இப்படியே போனால் நிரையின் கடைசியில் 52 வந்து நிற்கும்.

ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "மிஸ், 15 நாலு பேருக்கான விடை, 52 ஐந்து பேருக்கான விடை. இடையில நிற்கிற 20, 27, 37 ஆருக்கான விடை?" நான் பார்த்த இரண்டு புத்தகத்திலும் கூட்டும் முறைதான் இருக்கிறது, காரணம் இல்லை. அந்த எண்கள் வெறும் இடைக்கணக்கு என்று சொல்லிப் பிள்ளையை இருத்த எனக்கு விருப்பமில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரமேஷ் வாழைச்சேனை

மிஸ், 52 எப்படி வரும்? ஐந்தைப் பிரிக்கிறது ஏழு விதம்தானே. 5, 4+1, 3+2, 3+1+1, 2+2+1, 2+1+1+1, 1+1+1+1+1. இதுக்கு மேல எழுத ஏலாது. நான் ரெண்டு தரம் எழுதிப் பார்த்தன்.

தாரணி மிஸ் (கல்லடி)

ரமேஷ், நீங்கள் பிரித்தது 5 என்கிற எண்ணை. நான் கேட்டது ஐந்து ஆட்களை. 4+1 என்று நீங்கள் ஒரு தரம் எழுதுகிற இடத்தில், அந்தத் தனி ஆள் யார் என்று கேட்டால் ஐந்து விடை வருகிறது. உங்கள் ஏழு வரிக்கும் ஆட்களைப் போட்டுப் பார்த்தால், நீங்கள் எழுதிய அதே ஒழுங்கில் 1, 5, 10, 10, 15, 10, 1 என்று வரும். கூட்டினால் 52.

நாலு பேருக்குப் பட்டியல் போடும்போது பிள்ளைகள் எங்கே தடக்குப்படுகிறார்கள் என்பதையும் எழுதிவிடுகிறேன், மற்ற ஆசிரியர்களுக்கு உதவும். சரியான விடை 15. ஒரு கொப்பியில் 18 இருந்தால், இரண்டு இரண்டாகப் பிரிகிற இடத்தில்தான் பிழை. கவியும் சுதாவும் ஒரு பக்கம், றிஸ்வியும் பானுவும் மறுபக்கம் என்பதையே பக்கம் மாற்றி இன்னொரு தரம் எழுதி, மூன்றை ஆறாக்கியிருப்பார்கள். 13 இருந்தால், எல்லோரும் ஒன்றாக இருப்பதையும் எல்லோரும் தனித்தனியாக இருப்பதையும் "அது பிரிப்பில்லை" என்று விட்டிருப்பார்கள். விடையைப் பார்த்தே பிழையைப் பிடிக்கலாம்.

ஆனால் என் கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது. 20, 27, 37 என்ன?

கல்முனை நிசாம்

மிஸ், இது சேர்மானத்தால வாற கணக்கு. ஐந்தாவது ஆளைப் பிடிச்சுக்கங்க. அவர் தன்னோட எத்தனை பேரைச் சேர்த்துக்கிறார் எண்டு பாருங்க. ஒருத்தரையும் சேர்க்காட்டி மிச்சம் நாலு பேர், 15 விதம். ஒருத்தரைச் சேர்த்தா அந்த ஆளைத் தெரியிறதுக்கு 4 வழி, மிச்சம் மூணு பேருக்கு 5 விதம், ஆக 20. ரெண்டு பேரைச் சேர்த்தா 6 தரம் 2, அது 12. மூணு பேரைச் சேர்த்தா 4 தரம் 1, அது 4. நாலு பேரையும் சேர்த்தா 1. மொத்தம் 15+20+12+4+1, சரியா 52.

இப்ப உங்கட நிரையைப் பாருங்க. 15, அடுத்தது 20. என்ட கூட்டல்லயும் 15, அடுத்தது 20. முக்கோணி எண்டது இந்தக் கூட்டலைத்தான் வேற மாதிரி அடுக்கி வெச்சிரிக்கி. அதால 20 எண்டது "ஐந்தாம் ஆள் சரியா ஒருத்தரோட மட்டும் இருக்கிற விதங்கள்". மத்ததும் அப்படித்தான் வரும்.

திருக்கோவில் ஐயா

நிசாம் தம்பி, உங்கள் கூட்டல் முழுக்கச் சரி. 52 வருகிற வழியும் சரி. ஆனால் அந்த 20 இரண்டும் ஒரே 20 அல்ல. ஐந்தாம் நிரையில் தற்செயலாக ஒன்றாக விழுந்திருக்கிறது. நாலாம் நிரையில் சோதித்துப் பாருங்கள். உங்கள் முறையில் நாலு பேருக்கு 5+6+3+1 வரும். முக்கோணியிலோ 5, 7, 10, 15. அங்கே 6 எங்கே? 7 உங்கள் கூட்டலில் எங்கே? ஐந்தாம் நிரையிலேயே அடுத்த அடி எடுத்து வைத்தாலும் 12ஐ முக்கோணியில் காண முடியாது.

தாரணி, உங்கள் மாணவியின் கேள்விக்கு நேரடியான விடை உண்டு. நடுவில் நிற்கிற எண்கள் ஒவ்வொன்றும் ஒரு முழுமையான கணக்கின் விடை. நாலாம் நிரையை வைத்தே சொல்கிறேன். நீங்கள் எழுதிய அதே நாலு பேர் போதும்: கவி, சுதா, றிஸ்வி, பானு. பானுவைக் கடைசியாக வந்த ஆளாக வைத்துக்கொள்ளுங்கள். பானு யாரோடெல்லாம் ஒரே குழுவில் இருக்கலாம் என்பதற்கு ஓர் அனுமதி வைக்கிறோம். மற்ற மூவருக்கும் தங்களுக்குள் எந்தத் தடையும் இல்லை.

பானுவுக்கு ஒருவரோடும் சேர அனுமதி இல்லை என்றால் அவள் தனியாகத்தான் நிற்பாள். மற்ற மூவரும் விரும்பியபடி பிரியலாம், 5 விதம். நிரையின் முதல் எண் இதுதான். மேல் நிரையின் கடைசி எண்ணைக் கீழே கொண்டுவந்து எழுதுவதற்குக் காரணமும் இதுதான்: மூன்று பேர் எந்தத் தடையும் இல்லாமல் பிரியும் எண்ணிக்கை மேல் நிரையின் முடிவில் ஏற்கனவே இருக்கிறது.

பானு கவியோடு மட்டும் சேரலாம் என்றால் 7. கவி, சுதா இருவரோடும் சேரலாம், றிஸ்வியோடு மட்டும் கூடாது என்றால் 10. மூவரோடும் சேரலாம் என்றால் தடையே இல்லை, 15. நிரையில் ஓர் இடம் வலப்பக்கம் போவதென்றால், பானுவுக்கு இன்னும் ஒருவரோடு சேர அனுமதி கிடைக்கிறது என்று பொருள்.

ஏன் மேலே உள்ள எண்ணைக் கூட்ட வேண்டும்? 7இலிருந்து 10க்குப் போகும் இடத்தைப் பாருங்கள். புதிதாகச் சுதாவோடு சேர அனுமதி கிடைத்திருக்கிறது. பழைய 7 விதமும் அப்படியே இருக்கின்றன, அவற்றில் பானு சுதாவோடு இல்லை. புதிதாக வருபவை எல்லாம் பானுவும் சுதாவும் ஒரே குழுவில் இருக்கிற விதங்கள். அவர்கள் இருவரும் பிரியப் போவதில்லை என்பதால் இருவரையும் ஒரே ஆளாக ஒட்டிவிடலாம். இப்போது மூன்று "ஆட்கள்": கவி, றிஸ்வி, ஒட்டிய ஆள். ஒட்டிய ஆள் கவியோடு சேரலாம், றிஸ்வியோடு கூடாது. மூன்று பேர், கடைசி ஆளுக்கு ஒருவரோடு மட்டும் அனுமதி. அது மூன்றாம் நிரையின் இரண்டாம் எண், 3. எழுதிப் பார்த்தாலும் மூன்றுதான்: மூவரும் தனித்தனி; கவியும் றிஸ்வியும் ஒன்றாக, ஒட்டிய ஆள் தனி; ஒட்டிய ஆளும் கவியும் ஒன்றாக, றிஸ்வி தனி.

ஆகவே 7+3=10. அந்த 3 நிற்கிற இடம் 7க்கு நேர் மேலே. ஆட்கள் ஒருவர் குறைந்ததால் ஒரு நிரை மேலே போகிறோம். சுதாவை ஒட்டியபின் அனுமதி உள்ளவர்களில் மிஞ்சியது கவி ஒருத்தி. 7க்கும் அதே ஒருத்தியோடுதான் அனுமதி, அதனால் அதே நிரல். கூட்டும் விதி வருவது இங்கேயிருந்துதான்.

அக்கரைப்பற்று ஹிமா

ஐயா, நான் ஏ.எல் இரண்டாம் வருடம். ஒரு இடம் விளங்கவில்லை. பானுவுக்குத்தானே றிஸ்வியோடு சேரக் கூடாது? சுதாவுக்கு அந்தத் தடை இல்லை. ஒட்டிய பிறகு ஒட்டிய ஆளுக்கு எப்படி அந்தத் தடை வந்தது? சுதா வழியாக றிஸ்வி உள்ளே வர முடியாதா?

திருக்கோவில் ஐயா

நல்ல இடத்தில் நிறுத்தினீர்கள் மகள். சுதா றிஸ்வியோடு இருக்கிற விதங்கள் உண்டு. ஆனால் அவற்றிலெல்லாம் பானு அந்தக் குழுவில் இல்லை. அவை பழைய 7க்குள்ளேயே எண்ணியாகிவிட்டன. இப்போது நாம் எண்ணுவது சுதாவும் பானுவும் ஒன்றாக இருக்கிறவற்றை மட்டும். றிஸ்வி சுதாவிடம் வந்தால் பானுவிடமும் வந்ததாகிவிடும், அது கூடாது. ஆகவே ஒட்டிய ஆளுக்குப் பானுவின் அனுமதியே பொருந்தும், சுதாவின் சுதந்திரம் பொருந்தாது. இதைக் கவனிக்காமல் ஒட்டிய ஆளுக்கு முழு அனுமதி கொடுத்தால் 3க்குப் பதில் 5 வரும், 7+5=12 என்று பிழையாகப் போகும்.

தாரணி மிஸ் (கல்லடி)

ஐயா, மிகவும் நன்றி. ஐந்தாம் நிரைக்கு நானே செய்து பார்த்தேன். ஐந்தாவதாக வினோ வருகிறான். 27 என்றால் வினோவுக்குக் கவி, சுதா இருவரோடு மட்டும் சேரலாம், றிஸ்வியோடும் பானுவோடும் கூடாது. முக்கோணியைப் பார்க்காமல் நேரே எண்ணினேன். வினோ தனி என்றால் மற்ற நாலு பேருக்கு 15. கவியோடு மட்டும் என்றால் மிச்சம் மூவருக்கு 5. சுதாவோடு மட்டும் என்றாலும் 5. இருவரோடும் என்றால் மிச்சம் இருவருக்கு 2. மொத்தம் 27. அப்படியே விழுந்தது.

கல்முனை நிசாம்

மிஸ் இப்ப எழுதினது என்ட கூட்டல்தானே! 15, மறுகா 2 தரம் 5, மறுகா 1 தரம் 2. அனுமதி உள்ள ஆக்கள் ரெண்டு பேர் எண்டதால 1, 2, 1. அப்ப 37க்கு மூணு பேர், 1, 3, 3, 1 வரணும். 15 + 3×5 + 3×2 + 1×1. 15+15+6+1 = 37. வந்திட்டு! 52க்கு நாலு பேர், 1, 4, 6, 4, 1. அதான் நான் முதல்ல போட்டது.

அப்ப நிரையில உள்ள எல்லா எண்ணுக்கும் பஸ்கால் முக்கோணியின்ட ஒரு நிரை பின்னால நிக்கிது. 20 எண்டது 1, 1. அதாவது 15+5.

திருக்கோவில் ஐயா

அதேதான் தம்பி. முக்கோணியின் 20 என்பது 15+5, உங்கள் கூட்டலின் 20 என்பது 4×5. எண்ணால் சமம், எண்ணிய பொருட்கள் வேறு. உங்கள் முறையைக் கடைசி எண்ணுக்கு மட்டும் போட்டீர்கள், இப்போது எல்லா இடத்துக்கும் போட்டுவிட்டீர்கள்.

முறையாக எழுத விரும்புகிறவர்களுக்கு: n ஆம் நிரையின் k ஆம் எண்ணை T(n,k) என்று வைத்தால், அது n பேரில் கடைசி ஆள் குறித்த k−1 பேரோடு மட்டும் சேரக்கூடிய பிரிப்புகளின் எண்ணிக்கை.

```
T(1,1) = 1
T(n,1) = T(n-1, n-1)
T(n,k) = T(n, k-1) + T(n-1, k-1)
```

வாழைச்சேனை லொறிக்காரன்

எல்லாரும் படிச்ச ஆக்கள் கதைக்கிற இடத்தில குறுக்க வாறன், மன்னிக்கோணும். எனக்கு இது தொழிலுக்குத் தேவைப்படுது. துறைமுகத்தில இருந்து ஐந்து ஓடர் மீன் போகோணும். மூண்டு லொறி இருக்கு. ஒரு லொறி ஓடாமலும் நிக்கலாம், எல்லாத்தையும் ஒரே லொறியில ஏத்தவும் ஏலும். எத்தினை விதமா ஏத்தலாம்? 52 தானா?

அக்கரைப்பற்று ஹிமா

அண்ணா, 52 இல்லை. 52இல் நாலு குழு, ஐந்து குழு ஆகிற விதங்களும் இருக்கின்றன, உங்களிடம் மூன்று லொறிதான். ஐந்து பேரை ஒரு குழுவாக்க 1 விதம், இரண்டாக்க 15, மூன்றாக்க 25, நாலாக்க 10, ஐந்தாக்க 1. முதல் மூன்றையும் கூட்டினால் 41.

ஆனால் அது மூன்று லொறியும் ஒரே மாதிரி, எது எங்கே போனாலும் பரவாயில்லை என்றால் மட்டும். ஒன்று கண்டிக்கு, ஒன்று கொழும்புக்கு, ஒன்று தம்புள்ளைக்கு என்று இருந்தால் லொறிகளுக்குப் பெயர் வந்துவிடுகிறது. அப்போது ஒவ்வொரு ஓடருக்கும் 3 வழி, 3×3×3×3×3 = 243.

வாழைச்சேனை லொறிக்காரன்

தங்கச்சி, ரெண்டு லொறி ஒரே மாதிரி, ஒரே பக்கம் போறது. மற்றது கூலர் லொறி.

திருக்கோவில் ஐயா

அப்படியானால் 122. கூலரில் என்ன ஏற்றுவது என்று முடிவான பிறகு, மிச்சத்தை ஒரே மாதிரியான இரண்டு லொறிக்குப் பிரிக்க வேண்டும். அந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றினாலும் கணக்கில் ஒன்றுதான். 243 விதங்களில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் இரண்டிரண்டாகச் சோடி சேர்கின்றன. சோடி இல்லாதது எல்லா ஓடரும் கூலரில் போகிற விதம், ஏனென்றால் இரண்டு லொறியும் வெறுமையாக நிற்கும்போது மாற்றினாலும் வேறுபாடு இல்லை. ஆக 242இல் பாதி 121, அதோடு 1.

நிரையின் கடைசியில் வருகிற பெல் எண்ணும் அதன் முக்கோணியும் பெயரில்லாத, எண்ணிக்கை கட்டுப்படாத குழுக்களுக்கு மட்டும். குழு எண்ணிக்கை வாரியாக வேண்டுமென்றால் ஹிமா சொன்ன 1, 15, 25, 10, 1 வருகிற ஸ்டெர்லிங் எண்களின் அட்டவணைக்குப் போக வேண்டும். பெல் முக்கோணி அந்தப் பிரிவைக் காட்டாது, மொத்தத்தை மட்டும் தரும்.

வாழைச்சேனை லொறிக்காரன்

விளங்கிட்டு ஐயா. ஆனா ஒவ்வொரு லொறிக்கும் இத்தினை கிலோதான் எண்டு கட்டுப்பாடு இருக்கே, அதையும் சேர்த்தா?

திருக்கோவில் ஐயா

அதற்கு இப்படி ஒரு சுருக்க வழி இல்லை. ஓடர்களின் எடை தெரிந்தால் 122ஐயும் எழுதி, எடை மீறுகிறவற்றை வெட்டலாம். ஓடர் கூடக் கூட அது பெருத்துப்போகும்.

ஏறாவூர் றிபாய்

நான் புரோகிராம் எழுதுற ஆள். இந்த இழையைப் பார்த்திட்டு முக்கோணியை ஜாவாவில போட்டன். 25ஆம் நிரை வரைக்கும் நல்லா வந்தது. 26ஆம் நிரையின்ட கடைசி எண் -5708985697509898574. மனுசரைப் பிரிக்கிற எண்ணிக்கை மைனஸில வராதுதானே. விதியில பிழையா, என்ட கோடில பிழையா?

கல்முனை நிசாம்

றிபாய் நானா, ரெண்டிலயும் பிழை இல்ல. நீங்க long போட்டிரிப்பீங்க. அது 9223372036854775807 வரைக்கும்தான் தாங்கும். 25ஆம் நிரையின்ட கடைசி 4638590332229999353, அது உள்ளுக்க அடங்குது. 26க்குச் சரியான விடை 49631246523618756274, அது வெளிய போயிட்டு. BigInteger போடுங்க. இல்லாட்டி பைத்தன்ல எழுதுங்க, அங்க முழுவெண்ணுக்கு எல்லை இல்ல.

```
row = [1]
for n in range(1, 31):
    print(n, row[-1])
    new = [row[-1]]
    for x in row:
        new.append(new[-1] + x)
    row = new
```

எக்செல்ல போடுறவங்க இன்னும் கவனமா இரிக்கணும். அங்க மைனஸ் வராது, பிழை வெளிய தெரியாது. 15 இலக்கத்துக்கு மேல உள்ளதை அது பூச்சியமாக்கிப் போடும். 21ஆம் நிரையின்ட கடைசி 474869816156751, சரியா 15 இலக்கம். 22க்கு 4506715738447323 வரணும், அது 16 இலக்கம். எக்செல் கடைசி 3ஐ 0 ஆக்கிக் காட்டும். பாக்கிறவங்களுக்கு உண்மையான விடை மாதிரியே இரிக்கும்.

தாரணி மிஸ் (கல்லடி)

கணினி இல்லாமல் கையால் செய்கிற பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய பிரச்சினை உண்டு. நிரையில் ஓர் இடத்தில் கூட்டல் பிழைத்தால் அதற்குப் பிறகு எல்லாம் பிழை. ஏழாம் நிரை 203, 255, 322, 409, 523, 674, 877. ஒரு பிள்ளை 409க்கு 408 எழுதினால் கடைசியில் 876 வருகிறது. விடை தெரியாத நிரையில் அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா, ஐயா?

இன்னொரு பிழை தன்னாலேயே பிடிபடும். சிலர் இடப்பக்கத்து எண்ணோடு, புதிய எண்ணுக்கு நேர் மேலே உள்ளதைக் கூட்டுகிறார்கள். 5, பிறகு 5+3=8, பிறகு 8+5=13, அதற்குப் பிறகு மேலே எண் இல்லாமல் திகைத்து நிற்கிறார்கள். நிரைக்கு நாலு எண் வர வேணும், மூன்றோடு முடிந்தால் பார்த்த இடம் பிழை.

திருக்கோவில் ஐயா

வழி இருக்கிறது. தூஷார் என்ற பிரெஞ்சுக் கணிதர் காட்டிய உறவு ஒன்று. ஒரு முதன்மை எண் p எடுத்துக்கொள்ளுங்கள். எந்த பெல் எண்ணுக்கும் p இடம் தள்ளி நிற்கிற பெல் எண்ணை p ஆல் வகுத்தால் வரும் மீதியும், முதலில் எடுத்த எண்ணையும் அதற்கு அடுத்ததையும் கூட்டி p ஆல் வகுத்தால் வரும் மீதியும் ஒன்றே.

p=2 என்றால் மிகவும் எளிது. பெல் எண்கள் ஒற்றை, ஒற்றை, இரட்டை என்று மூன்று மூன்றாகப் போகும். ஆள் இல்லாத வெறுந்தொடைக்கான 1இலிருந்து தொடங்கினால் 1, 1, 2, பிறகு 5, 15, 52, பிறகு 203, 877, 4140. ஏழு பேருக்கான எண் ஒற்றையாக இருக்க வேண்டும். 876 இரட்டை, ஆகவே பிழை. பிள்ளைகள் வகுக்கவே வேண்டியதில்லை.

ஆனால் பிழை 2 ஆல் விலகினால் இது பிடிக்காது. 409க்கு 407 எழுதினால் 875 வரும், அதுவும் ஒற்றைதான். அப்போது p=5. ஏழு பேருக்கான எண்ணுக்கு ஐந்து இடம் முன்னால் இரண்டு பேருக்கான எண் 2, அடுத்தது 5, கூட்டினால் 7, ஐந்தால் வகுத்தால் மீதி 2. 877க்கு மீதி 2. 875க்கு மீதி 0, பிடிபட்டது. கடைசி இலக்கத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பத்தில் பிழைத்து 399 என்று எழுதினால் 867 வரும். அது ஒற்றை, ஐந்தால் வகுத்தால் மீதியும் 2. இரண்டு சோதனையிலும் தப்பிவிடும். கையால் கூட்டும்போது பத்தை மறப்பதுதான் வழக்கமான பிழை, அதனால் p=3ஐயும் பழக்குங்கள். மூன்று இடம் முன்னால் நாலு பேருக்கான 15, அடுத்தது 52, கூட்டினால் 67, மீதி 1. 877க்கும் மீதி 1. 867 மூன்றால் மீதியின்றி வகுபடுகிறது. அங்கே பிடிபடும்.

சோதனையில் தேறினால் விடை சரி என்று நிரூபித்ததாகாது. தேறாவிட்டால் பிழை என்பது மட்டும் நிச்சயம்.

ரமேஷ் வாழைச்சேனை

இந்த பெல் எண்டவர் ஆர்? அவர்தான் முக்கோணியைக் கண்டுபிடிச்சவரா?

திருக்கோவில் ஐயா

எரிக் டெம்பிள் பெல், கணிதர். 1934இல் இந்த எண்களைப் பற்றி எழுதினார், அதனால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. கண்டுபிடித்தவர் அவர் அல்ல. முக்கோணியை 1880இலேயே சார்ல்ஸ் சாண்டர்ஸ் பியர்ஸ் வெளியிட்டுவிட்டார், 1933இல் அயிற்கனும் எழுதியிருக்கிறார். அதனால் சில புத்தகங்களில் அவர்கள் பெயரில் இருக்கும். இராமானுஜனின் குறிப்பேட்டிலும் இந்த எண்கள் உண்டு. ஐந்துக்கான 52 இன்னும் பழையது. ஜப்பானில் ஐந்து வாசனைப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் புகைத்து, எவையெவை ஒரே வாசனை என்று கண்டுபிடிக்கிற விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதன் விடைகளுக்கு 52 கோட்டுருவங்கள் வைத்திருக்கிறார்கள்.

நடுவெண்களுக்கு இன்னொரு விளக்கமும் இருக்கிறது, ஹிமாவுக்காகச் சொல்கிறேன். ஓர் ஆளைக் கூட்டி எல்லோருக்கும் இலக்கம் கொடுங்கள். மூன்றாம் நிரை 2, 3, 5 என்றால் நாலு பேர். தனியாக நிற்பவர்களில் மிகப் பெரிய இலக்கம் உள்ளவர் யார் என்று பாருங்கள். அது 2ஆம் ஆளாக இருக்கிற பிரிப்புகள் 2, 3ஆம் ஆளாக இருப்பவை 3, 4ஆம் ஆளாக இருப்பவை 5.

அக்கரைப்பற்று ஹிமா

ஐயா, நாலாம் நிரைக்கு ஐந்து பேரை வைத்துப் பார்த்தேன். தனியாக நிற்பவர்களில் பெரியது 5 என்றால் மற்ற நாலு பேருக்கும் தடையில்லை, 15. பெரியது 4 என்றால் 5ஆம் ஆள் தனியாக நிற்கக் கூடாது. மிச்ச நாலு பேரின் 15 விதத்தில் 5ஆம் ஆள் தனியாக நிற்பவை 5, கழித்தால் 10. பெரியது 3 என்றால் 4உம் தனியாக இருக்கக் கூடாது, 5உம் கூடாது. 15இலிருந்து 5ஐயும் 5ஐயும் கழித்து, இருவரும் தனியாக இருந்து இரண்டு தரம் கழிபட்ட 2ஐத் திருப்பிக் கூட்டினால் 7. பெரியது 2 என்றால் இதே முறையில் 15−15+6−1, 5 வருகிறது. 5, 7, 10, 15 நாலும் சரி.

ஆனால் என்னை உறுத்துகிறது இதுதான். ஒரு பக்கம் நாலு பேர், பானுவுக்குக் கவியோடு மட்டும் அனுமதி, 7 பிரிப்பு. மறுபக்கம் ஐந்து பேர், தனியாக நிற்பவர்களில் 3ஆம் ஆள் பெரியவர், அதுவும் 7 பிரிப்பு. இரண்டு பட்டியலையும் கொப்பியில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்து ஒவ்வொரு பிரிப்பையும் அந்தப் பக்கத்து ஒன்றோடு கோடு போட்டு இணைக்க எல்லா நிரைக்கும் பொருந்துகிற ஒரு விதி வேணும். ஐந்தாவது ஆளைப் பானுவோடு சேர்த்துப் பார்த்தால் சில இணைகின்றன, சில இணையவில்லை.

கல்முனை நிசாம்

ரெண்டும் ஒரே கூட்டல் விதிக்குக் கட்டுப்படுது எண்டு காட்டினா எண்கள் சமம் எண்டு முடிஞ்சிடும், தங்கச்சி. கோடு தேவையில்லையே.

அக்கரைப்பற்று ஹிமா

சமம் என்பது தெரியும் நானா. எந்தப் பிரிப்பு எந்தப் பிரிப்பாக மாறுகிறது என்று பார்க்கத்தான் கேட்கிறேன். 2, 3, 5 நிரையின் பட்டியலை முதலில் போடுகிறேன், யாராவது கோடு போட்டுக் காட்டுங்கள். நடுவில் உள்ள 3க்கு, பானு இல்லாத மூன்று பேர்: கவி, சுதா, றிஸ்வி. றிஸ்விக்குக் கவியோடு மட்டும் அனுமதி.

```
கவி | சுதா | றிஸ்வி          1 | 3 | 2 4
கவி சுதா | றிஸ்வி            2 | 3 | 1 4
கவி றிஸ்வி | சுதா            3 | 1 2 4
```

வலப்பக்கத்தை நான் எழுதின ஒழுங்கிலேயே இணைக்க வேணும் என்று இல்லை.